சத்து மாத்திரை தொடங்கும் முன்: சமுதாயக் கூடத்தில் வந்த கேள்விச் சீட்டுகளுக்கு மருந்தாளுநர் பதில்

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பேசியபோது ஐந்து கேள்விகளைப் பலகையில் எழுதியிருந்தேன். எதற்காக எனக்கு இது? உள்ளே என்ன, எவ்வளவு? இப்போது சாப்பிடும் மருந்தோடு ஒத்துப்போகுமா? ரத்தப் பரிசோதனை முடிவை மாற்றுமா? எப்போது நிறுத்த வேண்டும்? நேரமில்லாமல் விட்டுப்போன சீட்டுகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறேன். கால்சியத்தையும் அதோடு சேர்த்து விழுங்கலாமா?

வேண்டாம்மா. கால்சியம் குடலிலேயே அந்த மாத்திரையில் உள்ள தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. என் கடைக்கு வரும் ஓர் அம்மா 100 மைக்ரோகிராம் மாத்திரையில் நன்றாக இருந்தார். திடீரென்று, தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். 9-க்கு ஏறியது. மாத்திரையை 125 ஆக்கினார்கள். புது மருந்துச் சீட்டோடு வந்தவரிடம், "புதிதாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். இரண்டு மாதமாகக் காலையில் கால்சியமும் போடுவதாகச் சொன்னார். அதை டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அவர் பழைய அளவையே கொடுத்து, கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். சரியாகியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதேதான். அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதில் கிடைக்கும் கால்சியம் 500 மி.கி.தான். வயிற்று அமிலம் இருந்தால்தான் அது கரையும் என்பதால் சாப்பாட்டோடு போடுங்கள்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மி.கி. சாப்பிடுகிறேன். தைராய்டு டெஸ்டுக்கு முன் நிறுத்தணுமா?

நிறுத்தணும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்; உங்கள் மாத்திரையில் அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல் இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவும் பொய்யாகக் குறையலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதை எச்சரித்தது. குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வைட்டமின் டி 60,000 யூனிட் கேப்சூல் எட்டு வாரம் முடிந்தது. அப்பாவுக்கு அசதி போகவில்லை, தினமும் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. அது வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுப்பது. வைட்டமின் டி கொழுப்பில் தங்கும். மிஞ்சியது சிறுநீரில் எளிதில் போய்விடாது. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மனக்குழப்பம் வரும். வயதானவர்களிடம் இதை மூப்பு என்றே நினைத்து விட்டுவிடுகிறோம், அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிடும். அப்பாவின் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி அளவைப் பார்த்த பிறகு டாக்டர் முடிவு செய்யட்டும். அசதிக்கு ரத்தசோகையோ சர்க்கரையோ காரணமா என்றும் கேளுங்கள்.