‘ப்ரீ-அப்ரூவ்டு’ கடனை நான் கேட்கவே இல்லை. கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். அந்தப் பணம் வரும் வங்கியிலிருந்து ‘ப்ரீ-அப்ரூவ்டு லோன் 1,50,000’ என்று மெசேஜ் வந்தது. ‘ப்ரீ’ என்று இருந்ததால் இலவசம், அரசு கொடுக்கும் உதவி என்று நினைத்து லிங்க்கைத் தொட்டு, வந்த ஓடிபியைப் போட்டேன். முந்தாநாள் 1,42,260 ரூபாய் ஏறியது. 18,000 எடுத்துப் பிள்ளையின் பீஸ் கட்டிவிட்டேன். இப்போது மாதம் 5,274 வீதம் 36 மாதம் கட்ட வேண்டும் என்கிறார்கள். மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை, வீட்டில் தினமும் சண்டை. ஏமாற்றிவிட்டதாகக் கேஸ் போடலாம் என்கிறார் கொழுந்தனார். நேற்று ஒருவர் போன் செய்து, பணத்தைத் திருப்பி அனுப்பினால் லோனை கேன்சல் செய்து தருவதாகச் சொன்னார். என்ன செய்வது?

பதில்: அம்மா, மேனேஜர் பேசிய விதத்தையும் வீட்டுச் சண்டையையும் விட்டுவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஓடிபியைப் போட்டது நீங்கள், பணம் ஏறியது உங்கள் கணக்கில்.

‘ப்ரீ’ என்றால் இங்கே ‘முன்கூட்டியே’. உங்கள் கணக்கின் வரவைப் பார்த்து, இவருக்கு இவ்வளவு வரை கொடுக்கலாம் என்று வங்கி தானாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அது வெறும் அழைப்பு. அதை நீங்கள் தொடாமல் இருந்திருந்தால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. ஓடிபி போட்டதும் அது ஒப்பந்தம் ஆகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவின்படி மின்னணு வழியில் செய்தது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. வார்த்தை புரியவில்லை என்பதை வைத்து ஏமாற்று வழக்கு நிற்காது. கொழுந்தனார் சொல்லும் வழியில் போனால் வழக்கு நடக்கும் மாதங்களிலும் வட்டி ஓடும், பால் பணத்திலிருந்து தவணையும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

உங்களுக்கு இருக்கும் நல்ல வழி வேறு, அதற்கு நாள் குறைவு. ரிசர்வ் வங்கியின் 2025 டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் வாங்கியவர் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும். குறைந்தது ஒரு நாள். அதற்கு மேல் எத்தனை நாள் என்பது வங்கியின் முடிவு. கடனின் வட்டி, கட்டணம், நிபந்தனைகளைச் சொல்லும் ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற தாள் கடனோடு வந்திருக்கும். அதில் அந்த நாள் கணக்கு இருக்கும். இன்றே ஆப்பிலோ மெயிலிலோ தேடி எடுங்கள்.

அவகாசம் இருந்தால் இன்றே விலகுங்கள். கட்ட வேண்டியது கைக்கு வந்த 1,42,260 அல்ல, முழு அசல் 1,50,000. நடுவில் போன 7,740 ரூபாயில் 3,540 பிராசஸிங் கட்டணமும் ஜிஎஸ்டியும், மீதி 4,200 இன்சூரன்ஸ் என்று தாளில் இருக்கலாம், சரிபாருங்கள். அந்த 7,740, பீஸுக்குப் போன 18,000, உங்கள் தவணையை வைத்துப் பார்த்தால் வரும் 16 சதவீத வட்டியில் மூன்று நாளுக்கு 200 ரூபாய்: கையிலிருந்து போட வேண்டியது 26,000 ரூபாய்க்குள். மகளிர் குழுவிலோ உறவினரிடமோ கைமாற்று வாங்கியாவது கட்டுங்கள். 36 மாதம் இழுத்தால் வட்டி மட்டுமே 39,864. அவகாசம் முடிந்திருந்தாலும், முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடையுங்கள்.

பலரும் விழுவது இனி சொல்லும் இடத்தில்தான், கவனியுங்கள். போன் செய்தவர் சொன்ன நம்பருக்கோ யுபிஐ ஐடிக்கோ ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடன் ஏறிய விவரம் தெரிந்த மோசடிக்காரர் ‘கேன்சல்’ என்று பேசி பணத்தை வாங்கிக்கொள்வார். பணம் போய்விடும், கடன் அப்படியே நிற்கும். நீங்களே அனுப்பியதால் அந்த நஷ்டத்தை வங்கி ஏற்கும் என்று நம்ப முடியாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். இன்னொரு தவறு, மீதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தாலே கடன் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும் என்று இருந்துவிடுவது. அப்படி ஆகாது. கிளைக்கு நேரில் போய், விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். பணத்தை அந்தக் கடன் கணக்கு எண்ணிலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள். கணக்கு முடிந்ததற்கான கடிதமும், தவணை பிடிக்கும் ‘மேண்டேட்’டை ரத்து செய்ததற்கான அத்தாட்சியும் இல்லாமல் கிளையை விட்டு வராதீர்கள். இந்த இரண்டாவது அத்தாட்சியை வாங்காமல் வருகிறவர்களுக்குத்தான் அடுத்த மாதமும் பணம் பிடித்தம் ஆகும்.

‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், விளக்கியும் சொல்ல வேண்டும் என்று 2024-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால் அது வங்கியின் தவறு. அதனால் கடன் ரத்தாகாது. ஆனால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கப் பிடி கிடைக்கும். இன்சூரன்ஸ் தொகை தாளில் இல்லையென்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் அதைப் பிடித்திருக்கவே கூடாது. தாளில் இருந்தாலும், அது ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயுள் பாலிசி என்றால் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதித் திருப்பலாம். இதையெல்லாம் முதலில் வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தராவிட்டால் cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் அதற்காகக் கடனை அடைக்காமல் காத்திருக்க வேண்டாம். முதலில் அடையுங்கள், புகாரைப் பிறகு எழுதலாம்.