வெளிநாட்டு கம்பெனி சம்பளம், வீட்டுல இருந்து வேலை: வரி பத்தி கேள்வி பதில்

காங்கேயம் பையன்: அக்கா, அமெரிக்க கம்பெனி, மாசாமாசம் டாலர்ல சம்பளம். அவங்க டிடிஎஸ் எதுவும் புடிக்கறதில்லை. நான் இங்க வரி கட்டணுமா?

ஈரோட்டுக்காரி: கட்டணும் தம்பி. நீ உக்காந்து வேலை பாக்கறது காங்கேயத்துல, அதனால அந்த சம்பளம் இந்தியாவுல சம்பாதிச்சதுதான். காசு எந்த கரன்சில வருது, எந்த அக்கவுண்ட்ல விழுதுங்கறதெல்லாம் இதை மாத்தாது. புடிக்க ஆள் இல்லாததால நீயே அட்வான்ஸ் டாக்ஸா கட்டிட்டு வரணும், ஜூன் 15க்குள்ள 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள்ள 45, டிசம்பர் 15க்குள்ள 75, மார்ச் 15க்குள்ள முழுசும்.

கணக்கு போட்டே காட்டறேன். 2025-26ல ஒருத்தருக்கு ரூபாய்ல 24 லட்சம் சம்பளம், புது ரெஜிம், வேற வருமானம் இல்லைன்னு வச்சுக்கோ. 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போனா 23,25,000. ஸ்லாப் படி வரி 2,81,250, செஸ் சேத்தா 2,92,500. வருசம் பூரா ஒரு பைசா கட்டாம ஜூலைல ரிட்டர்ன் போடறப்ப மொத்தமா கட்டலாம்னு இருந்தா, வட்டி மட்டும் 26,000க்கு மேல வரும். வருசா வருசம் யாராவது ஒருத்தர் இந்த வட்டியோட வந்து நிக்கறாங்க, முதல் சம்பளம் வந்த மாசமே போன்ல நாலு தேதிக்கும் ரிமைண்டர் போட்டு வைங்க.

மணி_ஓசூர்: எதுக்கு இவ்ளோ கஷ்டம்? 44ஏடிஏ பிரிவுல போட்டா வந்த காசுல பாதியைத்தான் வருமானமா எடுத்துக்குவாங்க. என் ஃப்ரெண்டு மூணு வருசமா அப்படித்தான் போடறான், ரீஃபண்டே வந்துச்சு.

ஈரோட்டுக்காரி: இதைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். ஆசை ஏன்னு புரியுது. அதே 24 லட்சத்தை 44ஏடிஏல காட்டினா வருமானம் 12 லட்சம், புது ரெஜிம்ல ரிபேட் போக வரி பூஜ்யம். ஒரு பக்கம் கிட்டத்தட்ட மூணு லட்சம், இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்லை.

ஆனா அது தொழில் பண்றவங்களுக்கு, சம்பளக்காரங்களுக்கு இல்லை. உங்க ஃப்ரெண்டோட அக்ரிமெண்ட்டை எடுத்து படிக்க சொல்லுங்க. இத்தனை மணிக்கு லாகின், வருசத்துக்கு இத்தனை நாள் சம்பளத்தோட லீவு, வேற யாருக்கும் வேலை செய்யக்கூடாது, மேனேஜர் அப்ரைசல் போடுவாரு, இப்படியெல்லாம் இருந்தா அது வேலை, வர்றது சம்பளம். ரீஃபண்ட் வந்தது ஒரு ஆதாரமே இல்லைங்க. ரிட்டர்னை மிஷின் ப்ராசஸ் பண்ணுது, அக்ரிமெண்ட்டை அது கேக்கறதே இல்லை. பின்னாடி ஆள் உக்காந்து பாத்து, தெரிஞ்சே தப்பா காட்டினதுன்னு முடிவு பண்ணா, குறைச்சு கட்டின வரிக்கு மேல அதே மாதிரி ரெண்டு மடங்கு அபராதம்.

மணி_ஓசூர்: அக்ரிமெண்ட்ல கான்ட்ராக்டர்னுதான் போட்டிருக்கு. பிஎஃப் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, மாசாமாசம் இவன்தான் இன்வாய்ஸ் அனுப்பறான். அப்புறம் எப்படி சம்பளம்?

ஈரோட்டுக்காரி: மேல எழுதியிருக்கற பேரை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, உள்ள என்ன நடக்குதுன்னு பாப்பாங்க. இன்வாய்ஸ் உங்க பக்கம் ஒரு பாயிண்ட்தான், ஒத்துக்கறேன். ஆனா லீவுக்கும் காசு குடுக்கற கிளையண்ட்டை நான் பாத்ததில்லை.

டாக்ஸ்_திண்டுக்கல்: மேடம், நானும் ஆடிட்டர் ஆபீஸ்லதான் இருக்கேன். நீங்க ரொம்ப பயமுறுத்தறீங்க. லேப்டாப் இவரோடது, வேலை இல்லைன்னா அன்னைக்கே நிறுத்திடலாம், கம்பெனிக்கு இந்தியாவுல ஆபீஸே இல்லை. இது சம்பளம்னு டிபார்ட்மெண்ட் நிரூபிக்கறது அவ்ளோ ஈசி இல்லை. நாங்க இப்படி நிறைய ஃபைல் பண்ணியிருக்கோம்.

ஈரோட்டுக்காரி: அன்னைக்கே நிறுத்தலாம், சொந்த லேப்டாப், நாலு கிளையண்ட்டுக்கு வேலை பாக்கலாம்னு இருந்தா நானும் 44ஏடிஏலதான் போடுவேன் சார். ஒரே கம்பெனி, முழு நேரம், லீவுன்னு இருக்கறதுலதான் நமக்குள்ள சண்டை. அதோட ஒண்ணு, உண்மையான கான்ட்ராக்டர்னா மத்ததையும் கான்ட்ராக்டர் மாதிரியே செய்யணும். 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் எடுக்கணும். எக்ஸ்போர்ட்ங்கறதால எல்யூடிங்கற உறுதிக் கடிதம் போட்டுட்டா ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, ஆனா நம்பரும் ரிட்டர்னும் வேணும். வெளிநாட்டு காசு எதுக்கு வருதுன்னு பேங்க்ல போடற பர்ப்பஸ் கோடும் பாருங்க. P1401ன்னா ஊழியர் சம்பளம், P0802ன்னா சாஃப்ட்வேர் கன்சல்டன்சி. பேங்க் பேப்பர்ல சம்பளம், ரிட்டர்ன்ல தொழில், ஜிஎஸ்டி பக்கம் ஆளே இல்லை, இப்படி மூணும் மூணு கதை சொன்னா எந்த வாதமும் நிக்காது. உங்க ஃபைல்ல எத்தனை பேர் ஜிஎஸ்டி எடுத்திருக்காங்க?

டாக்ஸ்_திண்டுக்கல்: சில பேர் எடுத்திருக்காங்க. அது வேற விஷயம் மேடம்.

ஈரோட்டுக்காரி: வேற விஷயம் இல்லைங்க சார். சரி, அடுத்த ஆள்.

செல்வி_மதுரை: அக்கா நான் கஸ்டமர் சப்போர்ட், ஆஸ்திரேலியா கம்பெனி, நிஜமாவே கான்ட்ராக்ட். எனக்கும் 44ஏடிஏ வருமா?

ஈரோட்டுக்காரி: சந்தேகம்தான்மா. ஐடி, டெக்னிக்கல் கன்சல்டன்சி, இன்ஜினியரிங், டாக்டர், வக்கீல், அக்கவுண்ட்ஸ்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இருந்தாத்தான் வரும். போன் எடுத்து பதில் சொல்றதை ஐடின்னு காட்டறது இழுத்து புடிக்கற வேலை. நான்னா சாதாரண பிசினஸ் வருமானமா காட்டி, நெட், கரண்ட், லேப்டாப் தேய்மானம்னு உண்மையா ஆன செலவை பில்லோட கழிப்பேன்.

தென்காசி கார்த்தி: பணம் மாத்தற வைஸ் ஆப் ஒரு ரேட்ல மாத்துது, பேங்க் ஒரு ரேட்ல மாத்துது. ரிட்டர்ன்ல எதை போடறது?

ஈரோட்டுக்காரி: நல்ல கேள்வி, யாருமே கேக்கறதில்லை. ரெண்டும் இல்லைங்க. சம்பளம்னா எந்த மாசம் டியூ ஆகுதோ அதுக்கு முந்தின மாசத்தோட கடைசி நாள்ல ஸ்டேட் பேங்க்கோட டெலிகிராபிக் ட்ரான்ஸ்ஃபர் பையிங் ரேட். ஜூன்ல டியூ ஆகற சம்பளத்துக்கு மே 31 ரேட். அதனால ரிட்டர்ன்ல வர்ற தொகையும் அக்கவுண்ட்ல விழுந்த தொகையும் ஒத்துப் போகாது, பதறாதீங்க. பன்னெண்டு மாசத்துக்கும் ரேட்டை ஒரு ஷீட்ல எழுதி வைங்க. வைஸ் எடுக்கற கமிஷனை சம்பளத்துல கழிக்க முடியாது.

ராஜி_சேலம்: மேடம் டாலர்ல வந்தா டாக்ஸ் ஃப்ரீன்னு சொல்றாங்களே?

ஈரோட்டுக்காரி: இல்லை. முதல் பதிலை படிங்க.

அப்துல்_கீழக்கரை: எங்க அண்ணன் துபாய்ல இருந்து வீட்டுக்கு பணம் அனுப்பறாரு, அதுக்கு வரி உண்டா?

ஈரோட்டுக்காரி: அது அண்ணன் அங்க இருந்து பாக்கற வேலை பாய், இங்க பேசறது வேற. கூடப்பிறந்தவர் அனுப்பற பணத்துக்கு உங்களுக்கு வரி இல்லை.

நிலா: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து லண்டன் கொம்பனிக்கு வேலை செய்யிறன். இதே கணக்குத்தானோ?

ஈரோட்டுக்காரி: இல்லம்மா, உங்க நாட்டு சட்டம் வேற, அங்க இருக்கற கணக்காளர்கிட்ட கேளுங்க.

வித்யா_கோவை: லண்டன்னதும் ஞாபகம் வருது. என் கம்பெனி அங்கயே வரி புடிச்சுட்டுதான் அனுப்புது. ரெண்டு தடவை கட்டணுமா?

ஈரோட்டுக்காரி: வேலை முழுசும் கோவைல இருந்துதான்னா, இந்தியா-பிரிட்டன் வரி ஒப்பந்தப்படி அந்த சம்பளத்துக்கு வரி போடற உரிமை இந்தியாவுக்குத்தான். அவங்க புடிச்சதே தப்பு. நிறைய பேர் பண்றது என்னன்னா, படிவம் 67 போட்டு அந்த வரியை இங்க கழிச்சுக்கறாங்க. அங்க போட உரிமையே இல்லாத வரிக்கு இங்க கிரெடிட் கேட்டா மறுத்துருவாங்க. உங்க பேரோல்ல பேசி அந்த ஊர் வரித்துறை எச்எம்ஆர்சி கிட்ட, வரி புடிக்க வேண்டாம்ங்கற NT கோட் வாங்க சொல்லுங்க, புடிச்சதை அங்கயே ரீஃபண்ட் கேளுங்க. அது வர்றவரைக்கும் இங்க கட்டாம இருக்க முடியாது, கைக்காசு போட்டுத்தான் கட்டணும்.

ராஜி_சேலம்: அப்ப டாலரை இந்தியாவுக்கு கொண்டு வராம அங்கயே அக்கவுண்ட்ல வச்சிருந்தா?

ஈரோட்டுக்காரி: ராஜி, அப்பவும் வரி உண்டு, கூடவே ரிட்டர்ன்ல அந்த அக்கவுண்ட்டையும் காட்டணும். இதே கேள்வியை இன்னொரு மாதிரி கேட்டா பதில் மாறாதுங்க.

காங்கேயம் பையன்: எனக்கு கம்பெனி ஷேரும் குடுத்திருக்காங்க அக்கா, அமெரிக்க ப்ரோக்கர் அக்கவுண்ட்ல இருக்கு. இன்னும் விக்கலை. ITR-1 போதுமா?

ஈரோட்டுக்காரி: போதாது, ITR-2. ஷேர் உன் கைக்கு வந்த அன்னைக்கு என்ன விலையோ அது சம்பளத்துல சேரணும், விக்கலைன்னாலும். அப்புறம் ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏல அந்த அக்கவுண்ட்டையும் ஷேரையும் காட்டணும், அதுல மட்டும் ஜனவரி-டிசம்பர் கணக்கு, ஏப்ரல்-மார்ச் இல்லை. ப்ரோக்கர் சைட்ல டிசம்பர் மாச ஸ்டேட்மெண்ட்டை இறக்கி வச்சுக்கோ, ஷேர் உன் கைக்கு வந்த, அதாவது வெஸ்ட் ஆன தேதிகளும் வேணும்.