குழி நிறைந்துவிடும் என்ற பயத்துக்கு என்ன வாசகம் எழுதுவது?

கேள்வி: எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு வீடு இரட்டைக்குழிக் கழிப்பறை கட்டியாகிவிட்டது. பெண்கள் போகிறார்கள், ஆண்கள் இன்னும் வெளியே தான். "சுத்தம் சுகம் தரும்", "நோயைத் தடுப்போம்" என்று சுவரெல்லாம் எழுதியும் மாற்றமில்லை. வேறு என்ன வாசகம் எழுதலாம்?

பதில்: சுவரைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். முதலில் வெளியே போகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். "உங்கள் வீட்டில் கழிப்பறை பயன்படுத்துகிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால், வீட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஆமாம் என்று சொல்லிவிடுவார். ஒவ்வொருவரையும் தனியாக, "நேற்றுக் காலை எங்கே போனீர்கள்?" என்று கேளுங்கள். 2014-ல் வட இந்தியாவின் ஐந்து மாநிலங்களில் இப்படி ஆளுக்கு ஆள் விசாரித்தார்கள். பயன்பாட்டில் உள்ள கழிப்பறை இருந்த வீடுகளிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். உங்கள் ஊர் ஆண்கள் ஒன்றும் விதிவிலக்கு இல்லை.

ஏன் வெளியே போகிறீர்கள் என்று பேச்சை வளர்த்தால், பெரும்பாலும் ஒரே பயம் வெளியே வரும்: "எல்லாரும் போனா குழி நிறைஞ்சிடும், அப்புறம் யாரு அள்ளுறது?" அதனால் தான் குழியைப் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மிச்சம் பிடித்து வைக்கிறார்கள். இந்த பயம் இருக்கும் ஆளிடம் நோயைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியது குழியின் கணக்கு.

அந்தக் கணக்கு எளிது. தண்ணீர் மண்ணில் இறங்கிவிடுகிறது, வாயுவும் மண்ணுக்குள் போய்விடுகிறது, தங்குவது கொஞ்சம் கசடு மட்டுமே. மூன்றடி அகலமும் நாலடி ஆழமும் உள்ள குழி ஐந்து பேர் வீட்டில் நிறைய மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். நிறைந்ததும், கழிப்பறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரியும் சந்திப்புத் தொட்டியில் அந்தக் குழிக்குப் போகும் வாயை அடைத்து மறு குழிக்குத் திருப்பிவிட வேண்டும். பழைய குழியை இரண்டு வருடம் மூடியே வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். அதற்கு முன்னால் யாரும் அதைத் தொடக் கூடாது.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் முதலில் எழுதியது, "இரட்டைக்குழி பாதுகாப்பானது". வெளியே போகும் ஆறு ஆண்களிடம் காட்டி, இது என்ன சொல்கிறது என்று அவர்கள் சொற்களிலேயே சொல்லச் சொன்னோம். "சுத்தமா இருக்கச் சொல்றாங்க" என்றார்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள். அடுத்து, "வீட்டு ஆண்களும் போனாலும் குழி மூன்று வருடம் தாங்கும்" என்று மாற்றினோம். உடனே, "அதுக்கப்புறம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே மூன்றாவது வாசகம் வந்தது: "மூன்று வருடம் தாங்கும். நிறைந்தால் அடுத்த குழிக்குத் திருப்பு. இரண்டு வருடம் மூடி வை, எரு ஆகும்." ஐந்து வருடம் என்று போட ஆசை வரும், போடாதீர்கள். நாலாம் வருடம் ஒரு குழி நிறைந்தால் உங்கள் பேச்சை அப்புறம் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதைப் போஸ்டரை விட, குழி கட்டிய கொத்தனார் சொன்னால் எடுபடும். எரு ஆன குழி பக்கத்தில் எங்காவது இருந்தால் ஆண்களைக் கூட்டிப்போய்த் திறந்து காட்டுங்கள்.

ஒரு விஷயத்தைச் சரிபார்க்காமல் இந்த வாசகத்தை எழுதவே எழுதாதீர்கள். அவசரத்தில் கட்டிய பல வீடுகளில் இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகும். அப்படியானால் இரண்டும் சேர்ந்து நிறையும், மூடி வைக்க ஒன்றும் மிஞ்சாது. சில இடங்களில் இரண்டாவது குழிக்கு மூடி மட்டும் போட்டு, தோண்டாமலே பில் வாங்கியிருப்பார்கள். சில குழிகளில் பக்கச் சுவரில் ஓட்டைகளே இல்லாமல் சிமென்ட் பூசியிருக்கும். அதில் தண்ணீர் இறங்காது, சில மாதங்களிலேயே நிறைந்துவிடும். அந்த வீட்டுக்காரரின் பயம் நியாயமானது, நம் வாசகம் தான் பொய். சந்திப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள், ஒரு வாய் அடைத்திருக்க வேண்டும். இரண்டாவது குழியின் மூடியையும் தூக்கிப் பாருங்கள். கோளாறு இருந்தால் முதலில் கொத்தனார், அப்புறம் வாசகம். கட்டிய எண்ணிக்கையைப் புகைப்படத்தோடு கேட்கும் அலுவலகங்கள் இந்த மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று ஏன் கேட்பதில்லை? எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

விளம்பரத் தரகர்களிடமும் கவனமாக இருங்கள். நிதியாண்டு முடியும்போது ஃபிளெக்ஸ், தெருக்கூத்து, தொப்பி எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்று வருவார்கள். அவர்கள் கையில் இருக்கும் வாசகம் எந்த ஊரிலும் ஒருவரிடமும் கேட்டு எழுதியதாக இருக்காது. "இன்னும் பாதிப் பேர் வெளியே தான் போகிறார்கள், வெட்கம்!" என்பது அவர்களுக்குப் பிடித்த வரி. படிக்கிறவர் காதில் விழுவது, "பாதிப் பேர் போகிறார்கள், நானும் போகலாம்" என்பது தான். வெளியே போகிறவரைப் படம் பிடித்து அவமானப்படுத்துவது அதைவிட மோசம். அவர் இருட்டில் இன்னும் தள்ளிப் போவார், அவ்வளவுதான்.

வாசகம் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அதே ஆண்களிடம் அதே கேள்வியைத் தனியாகக் கேளுங்கள்: நேற்றுக் காலை எங்கே போனீர்கள்? வீட்டுப் பெண்களிடமும் அவர்களைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத வீட்டில் திரும்பவும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.