கணுவில் ஆற்றல் இருக்கிறதா, இல்லையா?

"கம்பியில் நிலை அலை இருக்கும்போது கணு அசைவதே இல்லை, அப்போ அங்கே ஆற்றலும் பூஜ்யம்தானே? புத்தகத்தில் நிலை ஆற்றல் அங்கேதான் அதிகம்னு போட்டிருக்கு."

புத்தகம் சரி. அசையாததால் கணுவில் பூஜ்யமாவது இயக்க ஆற்றல் மட்டும்தான். நிலை ஆற்றலுக்குக் கம்பி எவ்வளவு விலகியது என்பது கணக்கே இல்லை, அந்த இடத்தில் எவ்வளவு சாய்ந்து நீண்டிருக்கிறது என்பதுதான் கணக்கு, அந்தச் சாய்வு கணுவில்தான் அதிகம். எதிர்க்கணுவில் கம்பி எப்போதும் கிடைமட்டம், அதனால் அங்கே நிலை ஆற்றல் எந்த நேரத்திலும் இல்லை.

1 மீட்டர் சுரமானிக் கம்பி இரண்டு கண்ணிகளாக அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணு 50 செ.மீ.யில், எதிர்க்கணுக்கள் 25, 75-இல். கம்பி முழுதாக வளைந்து ஒரு கணம் நிற்கும்போது மொத்தமும் நிலை ஆற்றல், 50-ஐயும் இரு முனைகளையும் ஒட்டிக் குவிந்திருக்கும். கால் அலைவு நேரம் கழித்துக் கம்பி நேராகும்போது மொத்தமும் இயக்க ஆற்றல், இப்போது 25, 75 பக்கம். 25-க்கும் 50-க்கும் நடுவில் 37.5-இல் மட்டும் இரண்டின் கூட்டுத்தொகை மாறவே மாறாது, ஆனால் ஆற்றல் அதிகம் பாய்வது அந்தப் புள்ளி வழியாகத்தான்!

அப்புறம், கணுவைத் தாண்டி ஆற்றல் போகாது. பாய்வு என்பது இழுவிசை × சாய்வு × திசைவேகம், கணுவில் திசைவேகம் பூஜ்யம். (இதெல்லாம் சிறிய வீச்சுக்கு, உராய்வு இல்லாத கம்பிக்கு.)