நான்கு பிள்ளைகள் உள்ள வகுப்பில் சதவீதம்

"குறுவள மையத்தில் ஐந்து ஈராசிரியர் பள்ளிகளைப் பார்த்தேன். ஒன்றில் மூன்றாம் வகுப்பு வாசிப்பு ஒரே மாதத்தில் 50-லிருந்து 67 சதவீதம். முன்னேற்றம் என்று எழுதலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். சதவீதத்தை விட்டுவிட்டு ஆள் கணக்கை எழுதுங்கள். வகுப்பில் நான்கு பேர்தான் என்றால், போன தடவை 4-ல் 2, இப்போது ஒரு பிள்ளை வராததால் 3-ல் 2 என்று இருக்கும். வாசிப்பவர்கள் அதே இருவர்தான்.

வருகைப் பதிவேட்டில் இரண்டு நாளையும் ஒப்பிடுங்கள். அப்புறம் வராத பிள்ளை கற்றல் நிலையில் அரும்பா, மொட்டா என்று ஆசிரியரிடம் கேட்டு அறிக்கையில் சேருங்கள். எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைதான் விடுபட்டுப் போகிறது, எனக்கு அது மனசு கேட்காது.

வாசித்த இருவரின் பெயர் மாறியிருந்தால் மட்டும் கதை வேறு. புதிதாக ஒருவர் வாசிக்கிறார், அதை எழுதலாம்.

ஐந்து பள்ளிக்கும் சேர்த்துச் சொல்லும்போது சதவீதங்களைச் சராசரி போடாமல் பிள்ளைகளைக் கூட்டுங்கள்.