ஐபி67 பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வருகிறது, எப்படி நிறுத்துவது

கேள்வி: மன்னார்குடி பக்கம் வாய்க்கால் ஓரத்தில் நீர்மட்டச் சென்சார் ஒன்று வைத்திருக்கிறேன். ஐபி67 பெட்டிதான், கேபிள் நுழையும் கிளாண்டைச் சுற்றி சிலிகானும் பூசியாச்சு. ஆனாலும் ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் கோர்க்கிறது, எறும்பும் குடும்பத்தோடு குடியேறிவிடுகிறது. என்னதான் செய்வது?

பதில்:

முதலில் மூடியைத் திறந்து, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மூடியின் உட்புறம் மட்டும் வியர்த்திருந்தால், உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து படிந்திருக்கிறது. அடியில் தேங்கியிருந்தாலோ, தேங்கி வற்றிய அழுக்குக் கோடு இருந்தாலோ, அது வெளியிலிருந்து வந்த மழைத் தண்ணீர். மூன்றாவதாக, பெட்டிக்குள் இருக்கும் கேபிளின் மேலுறையை ஒரு விரற்கடை அளவுக்குக் கீறிப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால், தண்ணீர் கேபிளின் உள்பக்கமாகவே ஊறி வந்திருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் முக்கி வைத்தும் கெடுதல் வரும் அளவுக்கு உள்ளே தண்ணீர் புகவில்லை என்று பொருள். ஆனால் அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் பெட்டிக்கும் 5 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருக்கக்கூடாது என்று தரநிலையே சொல்கிறது. வயல்வெளியில் நடப்பது இதற்கு நேர் எதிர். மத்தியானம் சுள்ளென்று வெயில் அடிக்கும், சாம்பல் நிறப் பெட்டிக்குள் 55 டிகிரி வரும். மூன்று மணிக்கு மழை கொட்டினால் கொஞ்ச நேரத்தில் அது 25 டிகிரிக்கு இறங்கிவிடும். 30 டிகிரி இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 9 சதவீதம் குறையும். கிட்டத்தட்ட 90 செ.மீ. தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் இழுப்பு அது. சரியாக அந்த நேரத்தில்தான் மூடியின் ரப்பர் கேஸ்கெட்டைச் சுற்றியும் கிளாண்டைச் சுற்றியும் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பெட்டி காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்துவிடும்.

மூடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக் காற்றுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சில்லறைதான். 30 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று, கன மீட்டருக்கு 30 கிராம் ஆவியைத் தாங்கும். 2 லிட்டர் பெட்டி என்றால் 60 மில்லிகிராம். அது 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் படிவது 20 மில்லிகிராம் சொச்சம், அரைச் சொட்டு கூட இல்லை. திறக்கும்போது ஒரு டம்ளர் கொட்டுகிறது என்றால் அது தினம் தினம் உறிஞ்சிச் சேர்த்தது.

நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே, ஒரு கிளை வாய்க்கால் மதகடியில் நண்பர் ஒருவர் இதே மாதிரி வைத்திருந்தார். 2 லிட்டர் பெட்டி, இரும்புக் குழாயில் மேற்குப் பார்த்த முகம், பக்கவாட்டில் ஒரு பிஜி7 கிளாண்ட். அந்த ஒரு ஓட்டைக்குள் மூன்று தனித்தனி வயர்களைத் திணித்து, மேலே சிலிகானை அப்பியிருந்தார். "எவ்வளவு அடைச்சாலும் வருதுண்ணே" என்பார். அடைத்ததில்தான் கோளாறு. கிளாண்டுக்குள் இருக்கும் ரப்பர், உருண்டையான ஒரே கேபிளைச் சுற்றிப் பிடிக்கும்படி செய்தது. பிஜி7 என்றால் சுமார் 3 முதல் 6.5 மி.மீ. தடிமன் வரை. மூன்று வயர்களுக்கு நடுவில் இருக்கும் முக்கோண இடைவெளியை அது எந்தக் காலத்திலும் அடைக்காது. போதாக்குறைக்கு, அந்தச் சிலிகான் வினிகர் வாடை அடிக்கிற ரகம். அது காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும், மூடிய பெட்டிக்குள் இன்னும் மோசம். கடையில் கேட்கும்போது நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள், வாடை வராது.

அவருடைய பெட்டியில் முதலில் மாற்றியது கேபிள் வரும் வழியை. பக்கவாட்டில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டு, கேபிளை அடிப்பக்கம் வழியாகவே கொண்டுவந்தோம். மூன்று வயர்களுக்குப் பதில் ஒரே உருண்டையான மூன்று கோர் கேபிள். கிளாண்டுக்கு முன்னால் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். அப்புறம் சென்சார் பக்கத்து முனை. அங்கே இருந்த ஜாயின்ட்டில் வெறும் இன்சுலேஷன் டேப்தான் சுற்றியிருந்தது. பெட்டி உள்ளே இழுக்கும்போது அந்த முனையிலிருந்தே தண்ணீர் கம்பி இழைகளுக்கு நடுவில் ஊறி வரும், எத்தனை மீட்டர் கேபிள் ஆனாலும் சரி. உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் போட்டு, சூட்டில் பசை இரண்டு ஓரத்திலும் பிதுங்கி வந்ததைப் பார்த்த பிறகுதான் விட்டோம்.

பிறகு, சர்க்யூட்டை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் மூடி, கை பொறுக்கும் அளவை விடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில், 50 டிகிரி போல, ஒரு வாளி வெந்நீரில் முக்கிப் பாருங்கள். உள்ளே காற்று விரியும், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். நண்பரின் பெட்டியில் மூடியின் ஒரு மூலையிலிருந்து மணி மணியாக வந்தது. ஒரு பக்கத்துத் திருகை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனதால் கேஸ்கெட் அந்த மூலையில் சரியாக அமரவில்லை. குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியதும் நின்றது.

இவ்வளவு செய்தும் இழுப்பு இழுப்புதான். ரப்பர் வெயிலில் இறுகிக்கொண்டே போகும், அடுத்த வருஷம் இல்லாவிட்டால் அதற்கடுத்த வருஷம் எங்கேயாவது விடும். அதனால் அழுத்தமே சேராமல் இருக்க, பெட்டி மூச்சு விட ஒரு வழி வைக்க வேண்டும். எம்12 அளவில் வென்ட் பிளக் என்று கிடைக்கிறது. திருகு மாதிரி இருக்கும், நடுவில் இபிடிஎஃப்இ மெம்பரேன். காற்றும் ஆவியும் போகும், தண்ணீராக இருப்பது போகாது. மழைக்கோட்டுத் துணியில் இருக்கும் அதே சமாச்சாரம். அதை மேலே மாட்டக்கூடாது, தண்ணீர் தேங்கி மூச்சை அடைக்கும். அடிப்பக்கமோ, நிழல் விழும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியோ சரி. அதன் மீது சிலிகானோ பெயிண்டோ படவே கூடாது.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கையில் காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 சென்சார் இருந்தால் பெட்டிக்குள்ளே ஒன்றைப் போட்டு, அழுத்தத்தைப் பதிந்துகொண்டு வாருங்கள். வென்ட் சரியாக இருந்தால் உள் அழுத்தம் வெளிக்காற்றோடு ஒட்டியே போகும். மழை தொடங்கியதும் அழுத்தம் சட்டென்று சரிந்து, பிறகு மெதுவாக ஏறினால், வென்ட் அடைத்திருக்கிறது, வேறு ஏதோ சின்ன ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

வென்ட் வைத்தால் ஆவியும் உள்ளே வரும். அதனால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இனி வேண்டாம்; வென்ட் இருக்கும் பெட்டியில் அதைப் போடுவது கடல் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைப்பது மாதிரி. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே தண்ணீராக இருக்கும்போது அது சில வாரத்தில் நிரம்பி, அப்புறம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சாகிவிடும். உள்ளே ஈரம் வரும் என்று ஒப்புக்கொண்டு போர்டைக் காப்பாற்றுவதே மேல். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸ் கறையைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்ததும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் இரண்டு கை அடியுங்கள். ஃப்ளக்ஸை விட்டுவிட்டு அடித்தால் அழுக்கை உள்ளே வைத்துத் தைத்த கதை. கனெக்டர், பட்டன், ஈரப்பத சென்சாரின் துளை ஆகியவற்றை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். போர்டு ஈரமானதற்கு முதல் அறிகுறி பெரும்பாலும் பேட்டரி வோல்டேஜில்தான் தெரியும். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களைப் போட்டு அளக்கிறோம் அல்லவா, அங்கே கொஞ்சம் ஈரம் கசிந்தாலும் அளவு தப்பும். விடியற்காலையில் மட்டும் வோல்டேஜ் தாறுமாறாகி, பத்து மணிக்குத் தானாகச் சரியானால் பேட்டரியை மாற்றிவிடாதீர்கள், ஈரத்தைத் தேடுங்கள்.

மழை விட்டால் பிரச்சினை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். மார்கழி, தையில் வானம் தெளிந்த ராத்திரிகளில், வானத்தைப் பார்த்து இருக்கும் பெட்டியின் மேல்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டு, சுற்றியுள்ள காற்றை விடவே குளிர்ந்துவிடும். நெல் இலையில் பனி கோர்ப்பதும் இப்படித்தான். மூடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டுவது இந்த மாதங்களில் அதிகம். பகல் சூடு, ராத்திரிக் குளிர் இரண்டுக்கும் ஒரே மருந்து, பெட்டிக்கு ஒரு தொப்பி. கடைப் பெயர்ப்பலகை செய்கிறவர்களிடம் கிடைக்கும் வெள்ளை ஏசிபி ஷீட் துண்டு ஒன்றை, பெட்டியை விட நாலு பக்கமும் ஒரு சாண் நீளமாக வெட்டி, மூடிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் பயன் பாதிதான். போர்டையும் மூடிக்கு நேர் கீழே படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், சொட்டினாலும் வழிந்து போய்விடும்.

எறும்புக்கு வருகிறேன். அது வருவது கிளாண்ட் சந்து வழியாக. மேலே சொன்ன கேபிள் வேலையைச் செய்தாலே முக்கால்வாசி நிற்கும். வென்ட் பிளக் கிடைக்காமல் வெறும் ஓட்டை வைக்கிறவர்கள், துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஸ்டீல் வலையைப் போட வேண்டும், 40 மெஷ் என்று கேட்டால் தருவார்கள். கொசுவலை போதாது, சிற்றெறும்பு அதில் தாராளமாக நடந்து போகும். தொங்கும் கேபிளில் ஒரு விரல் நீளத்துக்கு கிரீஸ் தடவி வைப்பதும் உதவும், ஆனால் புழுதி படிந்தால் அதுவே பாலமாகிவிடும், அவ்வப்போது துடைத்துப் பூச வேண்டும்.

எறும்பை விட நான் பயப்படுவது போர்டில் மினுக்கும் எல்இடிக்கு. சம்பா வயல் நடுவில் ராத்திரி தெரியும் ஒரே வெளிச்சம் அதுவாக இருந்தால், ஒளி ஊடுருவும் மூடியைத் தேடிப் புகையான் முதல் எல்லாப் பூச்சியும் வரும். அதைத் தின்னச் சிலந்தியும் பல்லியும் வரும். பல்லி எச்சம் மெம்பரேன் மேல் படிந்தால் வென்ட் போச்சு. ஒளி புகாத மூடி வாங்குங்கள், அல்லது எல்இடியின் ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரிக்கும் நல்லது.

இதெல்லாம் பெட்டிக்குத்தான். அல்ட்ராசானிக் சென்சாரின் முகம் எப்படியும் வாய்க்காலைப் பார்த்து வெளியில்தான் இருக்கும், அதில் பனித்துளி தொங்கினாலோ, முன்னால் சிலந்தி வலை கட்டினாலோ, நீர்மட்டம் திடீரென்று உயர்ந்துவிட்டதாகக் காட்டும். சுற்றிப் போடும் பிவிசி குழாயை நீளமாக விடாதீர்கள். குளவி மண்கூடு கட்ட அதை விடத் தோதான இடம் கிடையாது. வாரம் ஒரு முறை வயலுக்குப் போகும்போது ஒரு தென்னங்குச்சியால் வலையைத் துடைத்துவிடுவதைத் தவிர, இதற்கு நம்பகமான வேறு வழி எதுவும் நான் பார்க்கவில்லை.