பேப்பர் போட்டாச்சு, இனி என்ன? வேலையை விடுகிறவர்களின் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீடு. இருபத்திரண்டு வருஷம் ஆலையிலும் ஆஸ்பத்திரியிலும் எச்.ஆர். வேலை பார்த்தவன். ராஜினாமாவை வாங்கி வைக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"அண்ணாச்சி, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கேன். மேனேஜர் ஷிப்ட் மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் கேவலமாத் திட்டுவார். ஓசூரில் வேலை கிடைச்சு பேப்பர் போட்டேன். இப்போ எம்.டி. கூப்பிட்டு மாசம் எட்டாயிரம் கூடத் தர்றேங்கார். இப்போ சம்பளம் 32,000. மனசு ஊசலாடுது."

தம்பி, அந்த எட்டாயிரம் ஏன் போன மாசம் வரவில்லை என்று முதலில் யோசியுங்கள். கஸ்டமர் ஆடிட் பக்கத்தில் இருக்கிறதா? உங்களுக்குப் பதில் ஆள் இன்னும் கிடைக்கவில்லையா? பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆடிட் முடிந்து ஆளும் கிடைத்ததும், "ஏற்கெனவே போகப் பார்த்தவன்" என்ற பெயர் மட்டும் உங்களிடம் மிஞ்சும். ஏப்ரல் இன்கிரிமென்ட்டில், "உனக்குத்தான் அப்பவே கொடுத்தாச்சே" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எம்.டி.யிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "சார், நான் இனி யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்?" அதே மேனேஜருக்குத்தான் என்றால் நீங்கள் வெளியேற நினைத்த காரணம் அப்படியே இருக்கிறது. வேறு ஆளுக்கு என்றால், சம்பளம், ரிப்போர்ட்டிங் இரண்டும் தேதியோடு கடிதத்தில் வரட்டும். "பாத்துக்கலாம்ப்பா" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஓசூர் ஆஃபரை விட்டுவிடாதீர்கள்.

மறுப்பதென்றால் சுருக்கமாக: "ரொம்ப நன்றி சார், அங்கே வாக்குக் கொடுத்துட்டேன். போறதுக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்கா ஒப்படைச்சுட்டுப் போறேன்." மேனேஜர் பேச்சையே எடுக்க வேண்டாம். இந்த நேரத்தில் அது பேரம் பேசுவது மாதிரி கேட்கும்.

"நான் கவுண்டர் ஆஃபரை ஏத்துக்கிட்டு நாலு வருஷமா நல்லாத்தான் இருக்கேன். நீங்க எல்லாரையும் பயமுறுத்தாதீங்க."

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம், உங்களுக்குத் தொல்லை கொடுத்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?

"அவர் மறு மாசமே மாறிப் போயிட்டார்."

அப்போ பணத்துக்காக மட்டும் நீங்கள் தங்கவில்லை.

"ஓசூர் தம்பிதான் மறுபடியும். நோட்டீஸ் 60 நாள். அவங்க 45 நாள்தான் காத்திருப்பாங்களாம்."

பதினைந்து நாள் இடிக்கிறது. உங்கள் கணக்கில் ஈட்டிய விடுப்பு எத்தனை? பதினொன்று என்று வைத்துக்கொள்வோம். அதை நோட்டீஸில் கழிக்கச் சம்மதித்தால் நான்கு நாளுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். முழுச் சம்பளத்தில் பிடித்தால் ஒரு நாளுக்கு சுமார் 1,067 ரூபாய், நான்கு நாளுக்கு 4,270-க்குள். அடிப்படைச் சம்பளம் 16,000 என்றால், அதன்படி பிடித்தால் இதில் பாதி. எந்தக் கணக்கு என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும், இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். விடுப்பைக் கழிப்பது பல இடங்களில் அவர்கள் விருப்பம்தான். அதனால் உரிமை மாதிரி பேசாமல் கோரிக்கையாக எழுதுங்கள். பதில் மெயிலில் வரட்டும், அதன் நகல் உங்கள் சொந்த மெயிலிலும் இருக்கட்டும். கடைசி நாள் மதியமே ஆபீஸ் மெயிலைப் பூட்டிவிடுவார்கள்.

அப்புறம் ஒப்படைப்பு. உங்கள் பொறுப்பில் உள்ள வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாவற்றையும் எண்ணுங்கள். அளவுத்திருத்தம் எப்போது வர வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதி, வாங்குகிற ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் ஆலையில் ஒரு பையன் கிளம்பி மூன்று மாதம் கழித்து ஒரு கேஜ் காணவில்லை என்று செட்டில்மென்ட்டை நிறுத்தினார்கள். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினான், ஒரே நாளில் பணம் வந்தது.

"நோட்டீஸ் எல்லாம் சும்மா அண்ணாச்சி. யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாதுன்னு சட்டமே இருக்கு. போனை ஆஃப் பண்ணிட்டுப் போயிரணும்."

பாதி சரி. உங்களைப் பிடித்து உட்காரவைத்து வேலை வாங்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. ஆனால் ஒப்பந்தப்படி நோட்டீஸ் பணத்தைக் கேட்கலாம், செட்டில்மென்ட்டில் பிடிக்கலாம். அதைவிட, பதிவேட்டில் 'சொல்லாமல் நின்றவர்' என்று விழும். அடுத்த கம்பெனி சரிபார்க்க ஆள் விடும்போது இங்கே கேட்பது மூன்று நான்கு விஷயம்தான்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, "மறுபடி எடுப்பீர்களா?". அந்தக் கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று நான் எழுதிய படிவங்களில் பெரும்பாலானவை போனை ஆஃப் செய்தவர்களுடையவை.

"அண்ணாச்சி, நான் பெரியப்பா மகனோட ஜவுளிக்கடையில் ஆறு வருஷமா நிக்கேன். லெட்டரும் இல்லை, பி.எப்.பும் இல்லை. கோயம்புத்தூர் போறேன்னா வீட்டில் சண்டை வரும். நோட்டீஸ் எத்தனை நாள் கொடுக்கணும்?"

நீங்கள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியது கடைக்கு இல்லை, பெரியம்மாவுக்கு. சீசன் நேரத்தில் சொல்லாதீர்கள். தீபாவளி கணக்கு முடிந்ததும், அண்ணன் கடை சாத்திவிட்டு உட்காரும்போது நேரில் சொல்லுங்கள். வேறு ஆள் வாயிலிருந்து அவர் காதுக்குப் போகக் கூடாது. நம்ம ஊரில் ரெஃபரன்ஸ் என்பது பாதி கல்யாணப் பந்தியில்தான் கேட்கப்படுகிறது. கையில் ஆதாரம் என்று கேட்டால், சம்பளம் வங்கியில் விழுந்திருந்தால் அந்தப் பாஸ்புக். ரொக்கம் என்றால், "இத்தனை ஆண்டு எங்களிடம் வேலை பார்த்தார்" என்று கடை லெட்டர்பேடில் இரண்டு வரி, கையெழுத்து, சீல். பிரியமாக இருக்கும்போதே வாங்குங்கள்.

"அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி வச்சிருக்காங்க. விட்டா ஒரு மாச சம்பளம் கட்டணுமாம். என்ன செய்ய?"

இரண்டையும் பிரித்துப் பாரும்மா. ஒரு மாத சம்பளம் நீங்கள் கையெழுத்திட்ட தாளில் இருந்தால் அது பேசித் தீர்க்கிற விஷயம். சர்ட்டிபிகேட் உங்களுடையது, அதைப் பிணையாக வைத்துக்கொள்வது வேறு கதை. பேப்பர் போடுவதற்கு முன்பே தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். பேசிப் பார்த்தும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் என்ன என்பது, நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் பார்க்கிற வக்கீல்தான் சொல்ல முடியும்.

"பழைய மேனேஜர் கெட்டதாச் சொல்லுவார்னு பயமா இருக்கு. ரெஃபரன்ஸுக்கு யார் பேரைக் கொடுக்க?"

அவர் பெயரைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். அதே கம்பெனியை விட்டுப் போன மூத்தவர், பக்கத்துத் துறைத் தலைவர், உங்களோடு நேரடியாக வேலை பார்த்த சப்ளையர் ஆள், இவர்களில் இரண்டு பேர் போதும். கொடுக்கும் முன் ஒரு போன்: "அண்ணே, உங்களைக் கூப்பிடுவாங்க, நான் அந்த லைனில் ரிஜக்ஷனைக் குறைச்ச வேலையைப் பத்திச் சொன்னா நல்லது." எதைச் சொல்வது என்று தெரியாமல் போன் எடுக்கிறவர், "நல்ல பையன்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

"கிராஜுவிட்டிக்கு நாலு வருஷம் பத்து மாசம் ஆச்சு. இப்போ விடலாமா?"

ஐந்து வருஷம் முழுசாக முடியாவிட்டாலும், ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்ற பார்வை மெட்ராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் உண்டு. ஆனாலும் பல கம்பெனிகள் வாதாடிப் பார்க்கும். உங்கள் நோட்டீஸே 60 நாள் என்றால், இன்று பேப்பர் போட்டாலே ஐந்து வருஷம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஒரு நாள் குறையாமல் சேர்ந்த தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசி நாளை அதற்குப் பிறகு வையுங்கள். அடிப்படை 16,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 46,150 ரூபாய்க்கு மேல். அதற்காக ஒரு வாரம் திட்டு வாங்கலாம்.

"எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மையைச் சொல்லலாமா?"

செட்டில்மென்ட் கையில் வருவதற்கு முன்பா? "வளர்ச்சிக்காகப் போறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடியுங்கள். விலகி இரண்டு மாதம் கழிந்தும் பி.எப்.பில் விலகிய தேதி ஏறாவிட்டால், நீங்களே தளத்தில் Manage பகுதியில் Mark Exit அழுத்திப் போட்டுக்கொள்ளலாம். அதற்காகப் பழைய மேனேஜருக்குப் போன் போட வேண்டியதில்லை.